ஜெர்மன் பி1 தேர்வு: அட்டவணையில் நாம் வழக்கமாகக் கோட்டைவிடும் இடங்கள்

போன மாதம் ஒரு செவிலியர் தன் படிப்பு அட்டவணையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கோயெத்தே பி1 தேர்வுக்கு இன்னும் பதினொரு வாரம் இருந்தது. திங்கள் முதல் சனி வரை ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே வரிதான்: 'இரவு 7 முதல் 9 வரை ஜெர்மன்'. ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக 'மாதிரித் தேர்வு' என்று எழுதி நட்சத்திரம் வேறு போட்டிருந்தார். சில வருடங்களுக்கு முன் என் சுவரில் ஒட்டியிருந்ததும் அச்சு அசலாக இதே அட்டவணைதான். நட்சத்திரம் மட்டும் கிடையாது. அந்த அட்டவணையோடு போய் நான் எழுத்தில் தேறாமல் திரும்பினேன்.

கட்டணம் கட்டுவது, அடையாள அட்டை எடுத்துப்போவது பற்றியெல்லாம் நான் இங்கே பேசப்போவதில்லை. அட்டவணையிலேயே நடக்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன். அதிலும் ஒரு தவறைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன்.

'ஜெர்மன்' என்று ஒரே கட்டம் போடுவது

பி1 என்பது நான்கு தனித்தனித் தேர்வுகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாசித்தல் 65 நிமிடம், கேட்டல் சுமார் 40 நிமிடம், எழுதுதல் 60 நிமிடம், பேசுதல் சுமார் 15 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி. ஒவ்வொன்றிலும் தனியாக 60 எடுத்தாக வேண்டும். வாசித்தலில் 95 வாங்கினாலும் எழுத்தில் 55 என்றால் எழுத்து போனது போனதுதான், அங்கிருந்து எடுத்து இங்கே போட வழி இல்லை. தவறிய மாட்யூலை மட்டும் திரும்ப எழுதலாம் என்பது ஓர் ஆறுதல். அதற்குத் தனிக் கட்டணம், அடுத்த தேதிக்காகக் காத்திருப்பு என்று இன்னும் சில வாரங்கள் ஓடிவிடும்.

'7 முதல் 9 வரை ஜெர்மன்' என்று போட்டால் அந்த இரண்டு மணி நேரத்தில் கை எதன் பக்கம் போகும்? வேலை முடிந்து களைத்து வருகிற எவருக்கும் வாசித்தலும் கேட்டலும்தான் சுலபம். சரியான விடையைக் கட்டம் போட்டுவிட்டு, பின்பக்கம் புரட்டி எத்தனை சரி என்று எண்ணிவிடலாம். 30-க்கு 22 வந்தால் மனசுக்கும் நிறைவாக இருக்கும். எழுத்துக்கும் பேச்சுக்கும் பின்பக்கத்தில் விடை கிடையாது. அதனால் அவை நாளைக்குத் தள்ளிப்போகும், நாளையும் தள்ளிப்போகும்.

எழுத்தைக் கடைசி இரண்டு வாரத்துக்கு வைப்பது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துகிற தவறு இதுதான். 'முதலில் இலக்கணமும் சொற்களும் சேரட்டும், எழுத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.' நான் போன பயிற்சி வகுப்பிலும் இதையேதான் சொன்னார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எழுத்துக்கு ஆகிற நாள் கணக்கே வேறு.

கேட்டல் பயிற்சியைச் செய்த அன்றே அது சரியா தவறா என்று தெரிந்துவிடும். ஒரு மின்னஞ்சலை எழுதினால் அதை இன்னொருவர் திருத்தித் தர வேண்டும். அவர் வாங்கிப் படித்துக் கொடுக்க ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். திருத்தியதை நீங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அப்புறம் அதே கேள்விக்கு, பழையதைப் பார்க்காமல், வெறுந்தாளில் திரும்ப எழுத வேண்டும். இத்தனையும் முடிந்தால்தான் ஒரு சுற்று. வேலைக்குப் போகிறவருக்கு ஒரு சுற்று முடிய ஐந்தாறு நாள் பிடிக்கும். கடைசி இரண்டு வாரத்தில் இரண்டு சுற்றுதான் தேறும். பதினொரு வாரமும் எழுத்துக்கு இடம் விட்டிருந்தால் பத்துச் சுற்று போயிருக்கலாம். எந்த விடுமுறை நாளில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் இந்த வித்தியாசத்தை ஈடுகட்ட முடியாது. அன்றைக்கு எட்டுக் கடிதம் எழுதுவீர்கள், எட்டிலும் ஒரே தவறு இருக்கும்.

அந்தச் செவிலியரை முதல் வாரமே ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். பி1 எழுத்தில் மூன்று பணிகள் வரும். முதலாவது நண்பருக்கு ஒரு மின்னஞ்சல், சுமார் 80 சொல், அதற்கு 20 நிமிடம். இரண்டாவது ஒரு விஷயத்தைப் பற்றி உங்கள் கருத்து, அதுவும் சுமார் 80 சொல், 25 நிமிடம். மூன்றாவது கொஞ்சம் மரியாதையான குட்டி மின்னஞ்சல், சுமார் 40 சொல், 15 நிமிடம். முதலிரண்டுக்கும் தலா 40 புள்ளி, மூன்றாவதற்கு 20. நான் கொடுத்தது முதல் வகை. புது வீட்டுக்குக் குடிபோயிருக்கிறீர்கள்: வீடு எப்படி இருக்கிறது, ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள், நண்பர் எப்போது வரலாம் என்று ஒரு யோசனை சொல்லுங்கள்.

எழுதிக் கொடுத்தார். சொற்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் மூன்றாவது குறிப்பு கடிதத்தில் இல்லவே இல்லை. 'சீக்கிரம் சந்திப்போம்' என்று முடித்திருந்தார். அது யோசனை ஆகாது. எந்த நாள், எத்தனை மணிக்கு, வந்து என்ன செய்யலாம் என்று சொன்னால்தான் யோசனை. கேட்ட மூன்றுக்கும் பதில் இருக்கிறதா என்பதைத் திருத்துபவர்கள் தனியாகப் பார்த்துப் புள்ளி போடுவார்கள். இலக்கணம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்த ஓட்டையை அடைக்காது.

அடுத்தது, கடிதத்தில் மூன்று இடத்தில் ஒரே பிழை. 'எனக்கு நேரம் இல்லாததால்' என்பதை 'வைல் இஷ் ஹாபெ கைனெ ட்சைட்' என்று எழுதியிருந்தார். 'வைல்' வந்தால் வினைச்சொல் கடைசிக்குப் போக வேண்டும்: 'வைல் இஷ் கைனெ ட்சைட் ஹாபெ'. இதில் வேடிக்கை என்னவென்றால், வினையைக் கடைசியில் வைப்பது நமக்குப் பிறவிப் பழக்கம். 'மழை பெய்ததால் நான் வரவில்லை' என்று சொல்கிறவர்களுக்கு இது தடுமாறவே கூடாது. நாம் மனசுக்குள் ஆங்கில வாக்கியத்தை முதலில் போட்டு, அதிலிருந்து ஜெர்மனுக்குப் போவதால்தான் சறுக்குகிறோம். தமிழிலிருந்து நேராகப் போய்ப் பாருங்கள் என்று சொன்னேன். சிரித்தார். ஆனால் அடுத்த கடிதத்திலும் அதே பிழை இருந்தது, மூன்றுக்குப் பதில் இரண்டு இடத்தில்.

தெரியாததால் வருகிற பிழை இல்லை இது. விதியைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார். கடிகாரம் ஓடும்போது கை பழைய வழியில் போகிறது, அவ்வளவுதான். நான்காவது சுற்றில்தான் அந்தப் பிழை மறைந்தது. அதற்குப் பிறகு, 'போனேன்' என்பதற்கு 'பின்' போட வேண்டிய இடத்தில் 'ஹாபெ' போட்டு 'இஷ் ஹாபெ கெகாங்கன்' என்று எழுதுகிற பிழையைக் கையில் எடுத்தோம். ஒரு சுற்றுக்கு ஒரு பிழை போதும். எல்லாவற்றையும் சிவப்பு மையில் ஒரே நாளில் அடித்துக் கொடுத்தால் படிக்கிறவர் எதையும் பார்க்க மாட்டார்.

நடைமுறையில் நாங்கள் போட்டுக்கொண்டது இப்படி. திங்கள் இரவு கடிகாரத்தை வைத்து ஒரு பணி, அகராதி கிடையாது, நேரம் முடிந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். புதன்கிழமை திருத்தம் வந்ததும் 20 நிமிடம் பிழைகளை ஒரு நோட்டில் வகை பிரித்து எழுதுவது. சனிக்கிழமை அதே கேள்விக்கு வெறுந்தாளில் மறுபடி எழுதுவது. இவருக்கு இரவு ஷிஃப்ட் வரும் வாரத்தில் நாட்கள் நகரும். ஆனால் மூன்று அமர்வும் அந்த வாரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். திருத்துகிறவர் ஜெர்மனில் உங்களைவிட ஒரு படி மேலே இருந்தால் போதும், பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. அப்படி ஓர் ஆளை அட்டவணை போடும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆள் கிடைக்காமல்தான் பலருடைய எழுத்துப் பயிற்சி நின்றுபோகிறது.

கேட்டலை வாசித்தல் ஆக்கிவிடுவது

ஒலிப்பதிவைப் போடுகிறோம், புரியவில்லை, நிறுத்துகிறோம், எழுத்து வடிவத்தைத் திறக்கிறோம். அந்த நொடியில் கேட்டல் முடிந்து வாசித்தல் தொடங்கிவிட்டது. நேரக் கணக்கில் மட்டும் அதைக் கேட்டல் என்று எழுதிக்கொள்கிறோம்.

பி1 கேட்டலில் நான்கு பகுதி. முதலாவதும் நான்காவதும் இரண்டு முறை ஒலிக்கும். நடுவில் வரும் இரண்டும் ஒரே ஒரு முறைதான். ஒன்றில் ஒருவர் சுற்றுலா வழிகாட்டி மாதிரி தொடர்ந்து பேசுவார், இன்னொன்றில் இரண்டு பேர் பேசிக்கொள்வார்கள். வீட்டில் நிறுத்தி நிறுத்திக் கேட்டுப் பழகியவர்கள் சரியாக இங்கேதான் விழுகிறார்கள். ஒரு சொல் பிடிபடவில்லை என்று அதிலேயே நிற்பார்கள். அதற்குள் அடுத்த இரண்டு விடைகள் ஓடிப்போயிருக்கும். தவறிய கேள்விகள் தனித்தனியாக இல்லாமல், ஐந்து ஆறு ஏழு என்று வரிசையாக இருந்தால் உங்களுக்கும் இதே கோளாறு என்று தெரிந்துகொள்ளலாம்.

அதனால் இதை இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். காலையில் 20 நிமிடம் நிறுத்தாமல் கேட்டு விடை போடுவது. எழுத்து வடிவத்தைப் பார்ப்பது மாலையில், வேறு நேரத்தில். இடையில் சில மணி நேரம் விட்டால் கை தானாக அந்தப் பக்கத்தைப் புரட்டாது.

வாசித்தலுக்கு அதிக நேரம்

குறையுங்கள். வாரத்துக்கு ஒரு முறை 65 நிமிடம் ஒரே அமர்வில், விடைத்தாளில் விடையை ஏற்றுவது உட்பட.

கண்ணாடி முன் பேசிப் பழகுவது

பேச்சுத் தேர்வுக்குப் பெரும்பாலும் இருவராகத்தான் உட்கார வைப்பார்கள். முதல் பகுதியில் எதிரில் இருப்பவரோடு சேர்ந்து எதையாவது திட்டமிட வேண்டும், உதாரணமாக ஒரு நண்பரை வழியனுப்பும் விருந்து. இரண்டாவதில் ஒரு தலைப்பைப் பற்றி நீங்கள் தனியாகப் பேச வேண்டும். மூன்றாவதில் கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் வேண்டும். கண்ணாடி இரண்டாவது பகுதிக்கு மட்டும்தான் உதவும். எதிராளி 'சனிக்கிழமை எனக்கு முடியாது' என்றால் அந்த நொடியே மாற்று நாள் சொல்லக் கண்ணாடி பழக்காது.

அந்தச் செவிலியருக்கு விடுதியிலேயே பி1 படிக்கிற இன்னொருவர் இருந்தார். செவ்வாயும் வெள்ளியும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 25 நிமிடம் என்று வைத்தோம். முதல் வாரம் இருவரும் எல்லாவற்றுக்கும் 'யா, கூட்' என்று ஒத்துக்கொண்டே போனதால் இரண்டே நிமிடத்தில் திட்டம் முடிந்துவிட்டது. அப்புறம் ஒரு விதி வைத்தோம்: ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு முறை மறுத்து, காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்லும்போது 'வைல்' வரும், வினை கடைசிக்குப் போகும். எழுத்தில் திருத்திய பிழை பேச்சில் திரும்ப முளைக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

மாதிரித் தேர்வுகளை முதல் மாதமே தீர்ப்பது

வேண்டாம். அதிகாரபூர்வமான மாதிரித்தாள்கள் கொஞ்சம்தான் இருக்கின்றன. ஒருமுறை கேட்ட ஒலிப்பதிவு அடுத்த முறை அளவுகோல் ஆகாது.

அவருடைய அட்டவணையில் நட்சத்திரம் போட்ட பதினொரு ஞாயிறுகளில் மூன்றை மட்டும் விட்டுவைத்தோம்: நான்காவது, எட்டாவது, பத்தாவது வாரம். மற்ற ஞாயிறுகளில் அவர் துணி துவைத்தார், தூங்கினார். இப்போது ஆறாவது வாரம் நடக்கிறது. நேற்று வந்த கடிதத்தில் யோசனை இருந்தது: ஞாயிறு மாலை நான்கு மணி, புது வீட்டு பால்கனியில் காப்பி.