வாந்தி எடுக்கும் சர்க்கரைநோய்க் குழந்தை: சுகரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

"ஒன்றுமே சாப்பிடவில்லையே, இன்சுலின் எதற்கு?" டைப் 1 சர்க்கரைநோய் உள்ள பிள்ளை வாந்தி எடுக்கும்போது, பெரிய தவறு இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. வயிறு காலியாக இருந்தாலும் கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் விட்டுக்கொண்டேதான் இருக்கும். காய்ச்சல், நோய் என்றால் இன்னும் அதிகமாக. இன்சுலின் போதாவிட்டால் உடம்பு கொழுப்பை உடைத்துக் கீட்டோனை உண்டாக்கும். கீட்டோன் ஏற ஏற வாந்தியும் கூடும். அதனால் நீண்டநேர இன்சுலினை நிறுத்தவே கூடாது. குறைக்க வேண்டியிருந்தால் மருத்துவரைக் கேட்டுக் குறையுங்கள்.

இரண்டாவது தவறு, சுகர் சரியாக இருக்கிறது என்று கீட்டோன் பார்க்காமல் விடுவது. வாந்தி என்றால், சுகர் எவ்வளவு இருந்தாலும் கீட்டோன் பார்த்தே ஆக வேண்டும். முடிந்தால் விரல் ரத்தத்தில் பாருங்கள். சிறுநீர் ஸ்ட்ரிப் சில மணி நேரம் முந்தைய நிலையைத்தான் காட்டும்; தண்ணீர் இழந்த பிள்ளைக்கு அந்த நேரம் பார்த்துச் சிறுநீரும் வராது.

ஓர் உதாரணம். எடை 25 கிலோ, ஒரு நாளைக்கு மொத்தம் 24 யூனிட் இன்சுலின். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை வாந்தி. சுகர் 310, ரத்தக் கீட்டோன் 1.8. 0.6-க்குக் கீழே இருப்பதுதான் இயல்பு; 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. இந்த நிலையில் வழக்கமாகச் சொல்லும் கூடுதல் டோஸ், நாள் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. இந்தப் பிள்ளைக்குச் சுமார் 2.5 யூனிட் வேக இன்சுலின். உங்கள் மருத்துவர் வேறு அளவு எழுதித் தந்திருந்தால் அதுதான் கணக்கு. பம்ப் போட்டிருந்தால் குழாய் அடைத்திருக்கலாம். இந்த டோஸை ஊசியில் போட்டுவிட்டு செட்டை மாற்றுங்கள்.

இரண்டு மணி நேரம் கழித்து சுகர் 240, கீட்டோன் 1.1. இங்கேதான் பலர் பதறிப்போய் அதே டோஸை மறுபடி போடுகிறார்கள். முதல் ஊசி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது, கீட்டோனும் இறங்குகிறது. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். கீட்டோன் இறங்காமல் இருந்தால் உடனே மருத்துவரை அழையுங்கள்.

இதே பிள்ளைக்குக் கீட்டோன் 1.8, சுகர் 100 மட்டும் என்றால்? முழு டோஸ் போட்டால் சுகர் பாதாளத்துக்குப் போய்விடும். ஒன்றுமே போடாவிட்டால் கீட்டோன் ஏறும். முதலில் சர்க்கரை கலந்த நீரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு ஸ்பூன் கொடுங்கள். அது வயிற்றில் தங்கி சுகர் ஏறிய பிறகு, சிறிய டோஸ் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

அந்த ஸ்பூனும் தங்காவிட்டால், வாந்தி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காவிட்டால், கீட்டோன் 3-ஐத் தொட்டால், மூச்சு வேகமாக ஆழமாக வாங்கினால், பிள்ளை சோர்ந்து தூங்கி விழுந்தால், அடுத்த சோதனைக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.