தட்டிவிட்டு நம்மையே பார்க்கும் பூனை: நாம் எங்கே தவறுகிறோம்?

மேசை ஓரத்தில் ஒரு பேனா இருக்கிறது. பூனை அதைப் பாதத்தால் லேசாகத் தள்ளுகிறது, நிறுத்தி நம் முகத்தைப் பார்க்கிறது, பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளுகிறது. பேனா விழுந்ததும் நாம் "ஏய்!" என்று கத்துகிறோம். அந்தக் கத்தலில்தான் பெரும்பாலும் பழக்கமே தொடங்குகிறது.

தட்டுவது பூனைக்கு இயல்பானது. மூக்குக்கு மிக அருகில் இருக்கும் பொருளை அதன் கண்ணால் தெளிவாகப் பார்க்க முடியாது, அதனால் மீசையாலும் பாதத்தாலும் தொட்டுத் தெரிந்துகொள்கிறது. தட்டியதும் உருண்டு ஓடும் பொருள் எலியைத் துரத்தும் ஆசையையும் கிளப்பிவிடும். இதுவரை நமக்கு இதில் பங்கு இல்லை. பொருள் விழுந்ததும் நாம் ஓடிவந்தால், பூனை வேறொன்றையும் கற்றுக்கொள்கிறது.

1898இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் பூனைகளை ஒரு பெட்டிக்குள் அடைத்து, தாழ்ப்பாளை அவையே திறந்து வெளியே வரும்படி விட்டுப் பார்த்தார். முதலில் கண்டபடி பிராண்டிய பூனைகள், தற்செயலாகத் தாழ்ப்பாள் திறந்த பிறகு, முயற்சிகள் கூடக்கூட மெல்ல மெல்ல விரைவாக வெளியே வந்தன. பலன் தந்த செயல் மட்டும் நிலைத்துவிட்டது. உங்கள் மேசையிலும் இதுவேதான் நடக்கிறது. பலன் என்றால் உணவு மட்டுமல்ல. பகல் முழுக்கத் தனியாக இருந்த பூனைக்கு நீங்கள் எழுந்து வருவதும் பலன்தான், திட்டிக்கொண்டே வந்தாலும் சரி. "பழிவாங்குகிறது" என்று நினைப்பது வீண். கவனம் கேட்பது என்றால், முன்பு வேலை செய்த வழியை மறுபடி முயல்வது, அவ்வளவுதான்.

எல்லாத் தட்டலையும் கவனத்துக்காக என்று எடுத்துக்கொள்வதும் தவறு. யாரும் இல்லாத அறையில் கைபேசியை வீடியோவில் ஓடவிட்டு வையுங்கள். தனியாக இருக்கும்போதும் தட்டுகிறது என்றால் அது விளையாட்டு. அதற்குத் தேவை உருட்டி விளையாடப் பொருள்களும், கண்ணாடிச் சாமான் இல்லாத மேசையும். நீங்கள் இருக்கும்போது மட்டும் தட்டினால்தான் அது உங்களுக்கான செய்தி.

என் பூனை அப்படித்தான் செய்தது. விடிகாலை 5 மணிக்குக் கட்டிலருகே இருந்த மூக்குக்கண்ணாடிப் பெட்டியைத் தள்ளும். நான் எழுந்து, எழுந்ததுதான் எழுந்தோம் என்று உணவும் வைத்துவிடுவேன். பிறகு கண்டுகொள்ளாமல் இருக்க முடிவு செய்தேன். இரண்டு நாள் சமாளித்தேன். மூன்றாம் நாள் பெட்டி, புத்தகம், கடிகாரம் என்று வரிசையாக விழ, பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டேன். இதைவிடப் பெரிய தவறு கிடையாது. அணையப் போகும் விளக்கு சுடர்விட்டு எரிவதுபோல, பலன் நின்றதும் பழக்கம் முதலில் அதிகமாகும். அந்த நேரத்தில் இறங்கிப் போனால், இன்னும் விடாமல் தள்ள வேண்டும் என்று நாமே கற்றுக்கொடுத்துவிடுகிறோம். எப்போதாவது கிடைக்கும் பலன், தினமும் கிடைப்பதைவிடப் பழக்கத்தை இறுக்கிப் பிடித்துவிடும்.

இரண்டாம் முறை கட்டிலருகே எதையும் வைக்கவில்லை. இரவு படுக்கும் முன் 10 நிமிடம், குச்சியில் கட்டிய இறகைத் துரத்தவிட்டு, கடைசியில் பிடிக்கவும் விட்டேன். உடனே உணவு வைத்தேன். வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்பது பூனையின் இயல்பான வரிசை. காலை உணவை நான் எழுந்து கால் மணி நேரம் கழித்துத்தான் வைத்தேன், எழுவதற்கும் சாப்பாட்டுக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோக வேண்டுமே! அப்புறம், அது சும்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோதெல்லாம் தடவிக்கொடுத்தேன். கண்டுகொள்ளாமல் விடுவது மட்டும் போதாது. தட்டாமலே உங்களை அழைக்க ஒரு வழி அதற்கு வேண்டும். மூன்றாவது வாரத்தில் விடிகாலைத் தள்ளல் நின்றது.

அந்தப் பார்வையை முறைப்பு என்றும் திமிர் என்றும் படிக்க வேண்டாம். தள்ளும் நடுவே பார்ப்பது, நீங்கள் அசைகிறீர்களா என்று கவனிப்பதற்காக. பதிலுக்கு உற்று முறைக்காதீர்கள். பூனைகளுக்குள் இமைக்காத பார்வை மிரட்டல். அமைதியாக இருக்கும் நேரத்தில் கண்களைச் சுருக்கி மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். 2020இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், இப்படி இமைத்தவர்களுக்குப் பூனைகளும் கண்களைச் சுருக்கிப் பதில் தந்தன, அந்நியரிடம்கூட நெருங்கி வந்தன.

10 வயது தாண்டிய பூனை திடீரென்று இரவில் கத்தத் தொடங்கி, பொருள்களையும் தள்ளி, நிறைய தின்றும் மெலிந்தால், கண்டுகொள்ளாமல் இருக்கக் கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரப்பதாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.