நுரையீரலில் நீர்: லாசிக்ஸ் ஊசிக்கு முன்னால் நடக்கும் தவறுகள்

"நுரையீரல்ல நீர் கோத்துக்கிச்சுன்றாங்களே, ஊசி போட்டு எடுத்துட முடியாதா?" ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் குடும்பத்தார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஊசி போட்டு எடுக்கக்கூடிய நீர், நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் இடையில் உள்ள உறைக்குள் தேங்குவது. இங்கே பேசப்போவது அதுவல்ல. இது நுரையீரலுக்குள்ளேயே, காற்று நிரம்ப வேண்டிய நுண்ணறைகளில் இறங்கிய நீர். டீயில் நனைந்த பன்னிலிருந்து ஊசி போட்டு டீயை உறிஞ்ச முடியாது, அதுபோலத்தான்.

அந்த நீர் இரண்டு வழிகளில் வரும். முதல் வழி அழுத்தம். இதயத்தின் இடப்பக்கம் வந்த ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறினால், பின்னால் இருக்கும் நுரையீரல் ரத்த நுண்குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. சாதாரணமாக 6 முதல் 12 மி.மீ. பாதரச அளவில் இருப்பது 18-ஐத் தாண்டினால் திசு இடைவெளிகளில் நீர் கசியத் தொடங்கும், 25-ஐத் தாண்டினால் நுண்ணறைகளிலேயே இறங்கிவிடும். குழாயின் சுவர் பழுதில்லை, அழுத்தம்தான் அதிகம். அதனால் வெளியே வருவது புரதம் குறைந்த, நீர்த்த திரவம்.

இரண்டாவது வழியில் அழுத்தம் சரியாகவே இருக்கும், சுவர்தான் புண்பட்டிருக்கும். நிமோனியா, ரத்தத்தில் பரவிய தொற்று, கணைய அழற்சி, வாந்தி மூச்சுக்குழாயில் ஏறுவது, நச்சுவாயு என்று காரணங்கள் பல. ஓட்டை விழுந்த சுவர் வழியே புரதத்தோடு சேர்ந்து நீர் வெளியேறும். மூச்சுக்குழாயிலிருந்து உடனே உறிஞ்சி எடுத்த நுரைநீரின் புரதத்தை ரத்தப் பிளாஸ்மாவின் புரதத்தோடு ஒப்பிட்டால், விகிதம் 0.65-க்குக் கீழே இருப்பது அழுத்த நீரையும், 0.75-க்கு மேலே இருப்பது கசிவு நீரையும் காட்டும். அன்றாட வார்டில் யாரும் இதை அளப்பதில்லை. ஆனாலும் இதை மனதில் வைத்திருந்தால் மற்றதெல்லாம் புரியும்: சிறுநீரைக் கூட்டி உடம்பின் நீரை வெளியேற்றும் லாசிக்ஸ் அழுத்தத்தைக் குறைக்கும், ஓட்டையை அடைக்காது.

ஒரு மாதிரி நோயாளியை எடுத்துக்கொள்வோம். கொருக்குப்பேட்டையில் இருக்கும் 61 வயதுக்காரர். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. நான்கு வருடம் முன்பு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர். டிசம்பர் மழையில் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை இரண்டு நாள் இறைத்திருக்கிறார். மூன்று நாளாகக் காய்ச்சலும் இருமலும், நேற்று ராத்திரியிலிருந்து மூச்சு முட்டல். ஆக்சிஜன் அளவு 82, நாடி 124, மூச்சு நிமிடத்துக்கு 36, ரத்த அழுத்தம் 118/70. எக்ஸ்-ரேயில் இரண்டு பக்கமும் வெள்ளை. மகன் கையில் இருக்கும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் "எக்கோ: பம்பிங் 40 சதவீதம்" என்று எழுதியிருக்கிறது.

முதல் தவறு இங்கேதான். அந்த ஃபைல் நோயறிதலைச் செய்துவிடுகிறது. 'ஹார்ட் பேஷன்ட்' என்ற முத்திரை விழுந்ததும் 40 மி.கி. லாசிக்ஸ், ஒரு மணி நேரத்தில் இன்னொரு 80. விடிவதற்குள் ரத்த அழுத்தம் 90/60-க்கு இறங்கி, சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியாட்டினின் 1.1-லிருந்து 1.9-க்கு ஏறுகிறது. ஆக்சிஜன் தேவை மட்டும் அப்படியே நிற்கிறது.

ஃபைலை மூடி வைத்துவிட்டுப் பார்த்தால் கட்டிலருகிலேயே விடை பாதி கிடைக்கும். மூச்சு முட்டலுக்கு முன்னால் காய்ச்சல் வந்ததா, காய்ச்சலே இல்லாமல் நடுராத்திரி மூச்சுமுட்டி எழுந்து உட்கார்ந்தாரா? கை கால் சூடாக இருக்கிறதா, சில்லிட்டு வியர்த்திருக்கிறதா? தலைமாட்டை 45 டிகிரி உயர்த்தினால் கழுத்துச் சிரை புடைத்துத் தெரிகிறதா? இவருக்குக் கை சூடு, கழுத்துச் சிரை புடைக்கவில்லை, கால் வீக்கமும் இல்லை. இதயத்தால் திடீரென்று நீர் இறங்கும் பலருக்கு வந்து சேரும்போது ரத்த அழுத்தம் 160, 180 என்று எகிறியிருக்கும். இவருக்கு அதுவும் இல்லை. ஒவ்வொன்றும் தனியாக எதையும் நிரூபிக்காது. ஆனால் நான்கும் ஒரே பக்கம் சாயும்போது பழைய எக்கோ எதிர்ப்பக்கம் இழுக்கக் கூடாது.

எக்ஸ்-ரேயைப் பொறுத்தவரை, 'இதயம் பெரிசா தெரியுது' என்ற வரியை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். கட்டிலில் படுக்கவைத்து, முன்னாலிருந்து எடுக்கும் படத்தில் எல்லோருடைய இதயமும் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும். அதைவிட நீரின் பரவலைப் பாருங்கள். அழுத்த நீர் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் விரியும், அடியில் உறை நீரும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். கசிவு நீர் திட்டுத் திட்டாக, ஓரங்களிலும் இருக்கும்.

நுரையீரலை அல்ட்ராசவுண்டில் பார்க்கத் தெரிந்தவர் அருகில் இருந்தால் இன்னும் நல்லது. இதயக் காரணமென்றால் உறைக்கோடு வழவழப்பாக இருந்து, அதிலிருந்து வால் போன்ற செங்குத்துக் கோடுகள் எல்லா இடத்திலும் சீராக இறங்கும். நம் நோயாளிக்கு உறைக்கோடு சொரசொரப்பாக உடைந்திருக்கிறது. ஓரிடத்தில் கோடுகள் நெருக்கமாகவும் இரண்டு விரல் தள்ளி எதுவுமே இல்லாமலும் இருக்கிறது. வலது அடிப்பகுதி ஈரலைப் போல இறுகியிருக்கிறது. இது புண்பட்ட நுரையீரல்.

மழைக்காலம் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேங்கிய தண்ணீரில் நின்றவருக்குக் கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை, பிளேட்லெட் குறைவு என்று இருந்தால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். அதில் நுரையீரலுக்குள் ரத்தமே கசியலாம். எக்ஸ்-ரேயில் அதுவும் அதே வெள்ளைதான். ஹீமோகுளோபின் ஒரே நாளில் இறங்குவதும் சளியில் ரத்தம் வருவதும்தான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்த தவறு, ரத்தப் பரிசோதனையில் ஒற்றை எண்ணைத் தேடுவது. இதயச்சுவர் இழுபடும்போது சுரக்கும் பி.என்.பி. 100-க்குக் கீழே இருந்தால் இதயக் காரணம் இருக்க வாய்ப்பு குறைவு, 500-க்கு மேலே இருந்தால் வாய்ப்பு அதிகம். நடுவில் வந்தால் அது எந்தப் பக்கமும் பேசாது. நம்மவருக்கு 340. பழைய மாரடைப்பே இதைக் கொஞ்சம் ஏற்றி வைத்திருக்கும், கடும் தொற்றும் சிறுநீரகக் கோளாறும் ஏற்றும். உடல் பருமன் இறக்கும். 340-ஐப் பார்த்து 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று எழுதுவது, முன்பே முடிவெடுத்துவிட்டுச் சாட்சி தேடுவது.

இதே தவறு தலைகீழாகவும் நடக்கும், அது இன்னும் ஆபத்து. எக்கோவில் பம்பிங் 60 சதவீதம் என்று வந்ததும் 'இதயம் சரியாக இருக்கிறது, இது கசிவுதான்' என்று முடிவுகட்டுவது. பம்பிங் என்பது இதயம் எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்பதன் அளவு மட்டுமே. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மிட்ரல் வால்வு சுருங்கிய ஒரு பெண், அது தெரியாமலேயே முதல் பிரசவத்துக்கு வருகிறார். வலியில் நாடி 130-ஐத் தொடுகிறது. நாடி வேகமாகும்போது, சுருங்கிய வால்வு வழியே ரத்தம் இறங்கக் கிடைக்கும் நேரம் குறைகிறது. மேலறையில் அழுத்தம் ஏறி நுரையீரலில் நீர் இறங்குகிறது. இடது கீழறை நன்றாகவே துடிப்பதால் பம்பிங் எண் அழகாக இருக்கும். தொற்று என்று நினைத்து இவருக்கு ஒரு லிட்டர் சலைன் ஏற்றினால் மூச்சு நின்றுபோகலாம். அதனால் எக்கோ செய்பவரிடம் பம்பிங்கை மட்டும் கேட்காதீர்கள். வால்வு எப்படி, இடது மேலறை பெரிதாகியிருக்கிறதா, கீழறை தளர்ந்து நிரம்புகிறதா என்று கேளுங்கள். வருடக்கணக்கில் பிரஷர் இருந்து சுவர் தடித்தவர்களுக்கும் பம்பிங் சரியாக இருந்தே நீர் இறங்கும்.

லாசிக்ஸ் கொடுத்தே பார்த்துவிடலாம் என்பவர்கள் உண்டு. தவறில்லை, கணக்கு வைத்துக்கொண்டால். அழுத்த நீரில் நோயாளியை உட்காரவைத்து, முகமூடி வழியே காற்றழுத்தம் கொடுத்து, ரத்த அழுத்தம் 110-க்கு மேல் இருந்தால் நைட்ரோகிளிசரினும் சேர்த்தால், ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சு இலகுவாகும். சிறுநீர் முதல் ஆறு மணி நேரத்தில் மணிக்கு 100 முதல் 150 மி.லி.யாவது வரவேண்டும். நல்ல சிறுநீர் போயும் ஆக்சிஜன் தேவை அசையவில்லை என்றால் டோஸை ஏற்றுவதல்ல வேலை, நோயறிதலைத் திருப்பிப் பார்ப்பதுதான்.

இதற்காகக் கசிவு நீரில் லாசிக்ஸே கூடாது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டை விழுந்த குழாயில் அழுத்தம் சிறிது ஏறினாலும் கசிவு கூடும். புண்பட்ட நுரையீரல் உள்ள ஆயிரம் பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், நீரைக் கட்டுப்படுத்தியவர்கள் வென்டிலேட்டரிலிருந்து சீக்கிரம் விடுபட்டார்கள், இறப்பு விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அது ரத்த அழுத்தம் நிலைத்த பிறகு செய்தது. 90/60-இல் இருப்பவரிடம் செய்வதல்ல.

நம்மவருக்கு முகமூடியில் 60 சதவீத ஆக்சிஜன், 8 செ.மீ. நீர் அழுத்தம். தமனி ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 66 மி.மீ. பாதரசம். 66-ஐ 0.6-ஆல் வகுத்தால் 110. 300-க்குக் கீழே லேசான பாதிப்பு, 200-க்குக் கீழே நடுத்தரம், 100-க்குக் கீழே கடுமை. இவர் நடுத்தரத்தின் அடிமட்டத்தில் இருக்கிறார். சோர்ந்துபோய் வென்டிலேட்டருக்குப் போகும் வேளையில்தான் கடைசித் தவறு காத்திருக்கிறது: மூச்சின் அளவை உடம்பின் எடையை வைத்துப் போடுவது. இவர் எடை 84 கிலோ, உயரம் 165 செ.மீ. எடை கூடினாலும் நுரையீரல் வளர்வதில்லை, அதன் அளவு உயரத்தைச் சார்ந்தது. ஆணுக்குக் கணக்கு இது:

```
50 + 0.91 × (165 − 152.4) = 61.5 கிலோ
61.5 × 6 மி.லி. = சுமார் 370 மி.லி.
```

84-ஐ வைத்துக் கிலோவுக்கு 10 மி.லி. கொடுத்தால் 840 ஆகிவிடும். பாதி அறைகள் நீரில் மூடிக் கிடக்க, மீதிப் பாதி அந்தக் காற்று முழுவதையும் வாங்கி ஊதிக் கிழியும். இதய நீரில் இரண்டு நாளில் வென்டிலேட்டர் குழாயை எடுத்துவிடுவதால் இந்தத் தவறு பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. கசிவில் இதுவே இரண்டாவது நோயாகிவிடும். படுக்கைக்கு அருகே உயரத்தை அளக்க ஒரு டேப் தொங்கட்டும், ஆளைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். 370-இல் வைத்த பிறகும் ஆக்சிஜன் விகிதம் 150-க்கு மேல் ஏறாவிட்டால், நாளுக்குக் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்கவைப்பது அடுத்த படி.

வடசென்னைக்கென்று தனியாக ஒரு எச்சரிக்கை உண்டு. காசிமேட்டு ஐஸ் பிளான்ட்டுகளில் அம்மோனியா இருக்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அதே வாயு கசிந்து, பெரியகுப்பம் பக்கம் மக்கள் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அம்மோனியா உடனே கண்ணையும் தொண்டையையும் எரித்து எச்சரிக்கும். குளோரின் போன்றவை முதலில் இருமலோடு விட்டுவிட்டு, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீரை இறக்கலாம். வந்த உடனே எடுத்த எக்ஸ்-ரே தெளிவாக இருக்கிறது, ஆக்சிஜன் 97 என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவது இங்கே செய்யக்கூடாதது. எந்த வாயு என்று கேட்டு எழுதுங்கள். மூடிய அறைக்குள் இருந்தவரையும், இருமல் நிற்காதவரையும் இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். அனுப்பும் முன் வராந்தாவில் ஒரு நிமிடம் நடக்கவைத்து விரலில் ஆக்சிஜனை மறுபடி அளவெடுங்கள். உட்கார்ந்திருந்தபோது 97, நடந்ததும் 91 என்றால் அவர் இன்னும் வீட்டுக்குப் போகிற நிலையில் இல்லை.