கிரேடியன்ட் டிசென்ட் ஊர்ந்து போகிறதா? படி அளவை மாற்றும் முன் κ-வைப் பாருங்கள்

கிரேடியன்ட் டிசென்ட் மெதுவாக இறங்கினால் பெரும்பாலோர் முதலில் தொடுவது படி அளவைத்தான். ஒரு இருபடிச் சார்பில் வேகத்துக்கு உச்சவரம்பு வைப்பது படி அளவு அல்ல, கண்டிஷன் நம்பர். ஹெசியன் அணியின் மிகப் பெரிய ஐகன் மதிப்பை L என்றும் மிகச் சிறியதை μ என்றும் வைத்தால், κ = L/μ. இந்த விகிதத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் வரும் தவறுகளை, கையாலேயே கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு சார்பை வைத்துப் பார்க்கலாம்.

f(x, y) = ½(x² + 20y²)

மீச்சிறு புள்ளி (0, 0). கிரேடியன்ட் (x, 20y). ஐகன் மதிப்புகள் 1, 20; ஆகவே κ = 20. படி அளவு α என்றால் ஒவ்வொரு படியிலும் x-ஐ (1 − α)-ஆலும் y-யை (1 − 20α)-ஆலும் பெருக்குகிறோம். இரண்டு ஆயங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரே α. சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது: y-க்குப் பாதுகாப்பான படி, x-க்கு மிகச் சிறியதாகிவிடுகிறது.

படி அளவைக் கூட்டினால் வேகம் கூடும் என்று நம்புவது

ஓரளவு வரை கூடும். பிறகு சட்டென்று உடையும். (1, 1)-இல் தொடங்கி, இரண்டு ஆயங்களும் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறைய எத்தனை படிகள் வேண்டும் என்று பார்ப்போம்.

| α | x-இன் பெருக்கி | y-யின் பெருக்கி | தேவையான படிகள் |
|---|---|---|---|
| 0.01 | 0.99 | 0.8 | 688 |
| 0.05 | 0.95 | 0 | 135 |
| 2/21 ≈ 0.0952 | 0.905 | −0.905 | 70 |
| 0.099 | 0.901 | −0.98 | 342 |
| 0.1 | 0.9 | −1 | முடியவே முடியாது |
| 0.11 | 0.89 | −1.2 | சிதறும் |

மூன்றாவது வரிதான் உச்சம். அங்கே α = 2/(μ + L); இரண்டு பெருக்கிகளும் அளவில் சமம், அந்த அளவு (κ − 1)/(κ + 1) = 19/21. நிலையான படி அளவை வைத்துக்கொண்டு இதைவிட வேகமாக இறங்க வழியில்லை. உச்சத்திலிருந்து 0.004 அளவுக்குக் கூட்டினாலே படிகள் 70-லிருந்து 342-க்குத் தாவுவதைக் கவனியுங்கள். ஆனால் குறைவான பக்கம் சரிவு மென்மையானது: 0.09 வைத்தால் 74 படிகளே ஆகும். L துல்லியமாகத் தெரியாதபோது குறைவான பக்கமே நிற்பது நல்லது.

கடைசி வரியில் நடப்பதை அடையாளம் காணக் கற்றுக்கொள்ள வேண்டும். 20 படிகளுக்குப் பிறகு x ஒழுங்காக 0.1-க்கு இறங்கியிருக்கும், y-யோ 38-ஐத் தாண்டியிருக்கும். சிதறல் எப்போதும் L-க்கு உரிய திசையில்தான் நடக்கும், அதுவும் ஒவ்வொரு படியிலும் குறி மாறி மாறி. மதிப்புகள் பிளஸ், மைனஸ் என்று தாவிக்கொண்டே பெருத்தால் α பெரிது. குறி மாறாமல் ஒரே பக்கமாக ஊர்ந்தால் α சிறிது, அல்லது κ பெரிது.

f வேகமாகக் குறைந்ததைப் பார்த்து, வேலை முடிந்தது என்று நிறுத்துவது

இந்தத் தவறுதான் அதிகம் ஏமாற்றும். α = 0.05 வைத்து (1, 1)-இல் தொடங்குங்கள். தொடக்கத்தில் f = 10.5. ஒரே படியில் y பூஜ்யமாகிவிடும், x 0.95 ஆகும், f 0.451-க்கு விழும். 95 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது! கிரேடியன்டின் நீளமும் 20-லிருந்து 0.95-க்கு வந்துவிட்டது. திரையில் பார்ப்பவருக்கு இது வெற்றி. ஆனால் x இன்னும் 1-லிருந்து 0.95-க்குத்தான் நகர்ந்திருக்கிறது. நமக்குத் தேவை x-இன் விடை என்றால், பயணம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. இதற்கு மேல் f ஒவ்வொரு படிக்கும் 0.9025 மடங்காக மட்டுமே குறையும்.

செங்குத்தான திசைகள் f-இல் பெரிய பங்கு வகிக்கின்றன, அவை சீக்கிரம் தீர்ந்துவிடுகின்றன. தட்டையான திசைகள் f-இல் சிறு பங்கே வகித்தாலும் விடையில் பெரிய பிழையை வைத்திருக்கின்றன. கிரேடியன்டின் நீளம் ε-க்குக் கீழே வந்தால் நிறுத்தலாம் என்று விதி வைத்தால், விடையில் எஞ்சும் பிழை ε/μ வரை இருக்கலாம். μ = 0.001 என்றால், 0.01 என்ற கண்டிப்பான எல்லைகூட விடையில் 10 அளவு பிழையை விட்டுவைக்கும்.

இதே தட்டையான பகுதியை அளவுகோலாகவும் பயன்படுத்தலாம். f-ஐ மடக்கை அச்சில் வரைந்தால், முதல் சரிவுக்குப் பின் நேர்கோடு கிடைக்கும். அடுத்தடுத்த இரண்டு f மதிப்புகளின் விகிதத்துக்கு வர்க்கமூலம் எடுங்கள். வர்க்கமூலம் அவசியம், விடையின் பிழை r மடங்காகக் குறையும்போது f r² மடங்காகக் குறைகிறது. மேலே 0.9025-இன் வர்க்கமூலம் 0.95. α = 1/L வைத்திருந்தால் அது 1 − 1/κ, ஆக κ = 20. ஹெசியனைக் கணக்கிடாமலேயே κ கிடைத்துவிட்டது. (f-இன் மீச்சிறு மதிப்பு பூஜ்யம் இல்லையென்றால், முதலில் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.)

ஒவ்வொரு படியிலும் மிகச் சிறந்த படி அளவைத் தேடினால் κ-விடமிருந்து தப்பலாம் என்று எண்ணுவது

கோஷி 1847-இல் இந்த முறையை முன்வைத்த காலத்திலிருந்தே இந்த ஆசை இருக்கிறது: இறங்கும் திசையில் f மிகக் குறையும் இடம் வரை போய் நிற்பது. நம் சார்பில் (20, 1)-இல் தொடங்கிப் பார்ப்போம். கிரேடியன்ட் (20, 20). மிகச் சிறந்த படி அளவு 800/8400 = 2/21. அடுத்த புள்ளி (19/21)·(20, −1). அதாவது அதே வடிவம், y மட்டும் குறி மாறி, எல்லாம் 19/21 மடங்காகச் சுருங்கி. அடுத்த படியிலும் அதேதான். ஒவ்வொரு படியும் அந்தத் திசையில் மிகச் சிறந்ததாக இருந்தும், மொத்தப் பயணம் பள்ளத்தாக்கின் இரு சுவர்களிலும் மோதி மோதி இறங்குகிறது. நிலையான 2/21-ஐவிட ஒரு படிகூட மிச்சமாகவில்லை. இது வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த மோசமான தொடக்கம்தான். ஆனாலும் வேக உத்தரவாதம் மேம்படவில்லை என்பது உறுதி.

தரவை அதன் சொந்த அலகிலேயே விடுவது. பிறகு அலகை மாற்றினால் போதும் என்று நினைப்பது

நான்கு வீடுகளை எடுத்துக்கொள்வோம். பரப்பு 600, 1000, 1400, 1800 சதுர அடி. படுக்கையறைகள் 1, 2, 2, 3. விலையை மீச்சிறு வர்க்க முறையில் கணிக்க வேண்டும். எல்லா நிரல்களிலிருந்தும் சராசரியைக் கழித்துவிட்டோம் என்று கொண்டால்:

```python
import numpy as np
A = np.array([[-600,-1],[-200,0],[200,0],[600,1]], float)
H = A.T @ A / len(A)
e = np.linalg.eigvalsh(H)
print(e[-1] / e[0])
```

இங்கே H-தான் ஹெசியன். அதன் மூலைவிட்டத்தில் 200000-உம் 0.5-உம், பக்கத்தில் 300. ஐகன் மதிப்புகள் ஏறக்குறைய 200000, 0.05. κ சுமார் 40 லட்சம். படி அளவு 0.00001-ஐத் தொட்டாலே சிதறும். மிகச் சிறந்த படி அளவை வைத்தாலும், பிழை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுமார் 1.38 கோடி படிகள் வேண்டும். இரண்டே மாறிகள், நான்கே வீடுகள்!

இந்தக் கணக்கில் மூன்று இடங்களில் கை தவறும். முதலாவது, f-ஐ ஒரு எண்ணால் வகுத்து "சின்னதாக்குவது". L, μ இரண்டும் சேர்ந்தே வகுபடும். κ அப்படியே இருக்கும், α-வை மட்டும் அதற்கேற்ப மாற்ற வேண்டிவரும். இரண்டாவது, `np.linalg.cond(A)` தரும் எண்ணை κ என்று எடுத்துக்கொள்வது. இங்கே அது சுமார் 2000 என்றுதான் சொல்லும். கிரேடியன்ட் டிசென்ட் காண்பது A-வை அல்ல, AᵀA-வை; அதன் கண்டிஷன் நம்பர் A-வினுடையதன் வர்க்கம்.

மூன்றாவதுதான் நுட்பமானது. ஒவ்வொரு நிரலையும் அதன் திட்ட விலக்கத்தால் வகுத்தால் H-இன் மூலைவிட்டம் 1, 1 ஆகிவிடும். κ 40 லட்சத்திலிருந்து 38-க்கு விழும். மாபெரும் முன்னேற்றம், கட்டாயம் செய்ய வேண்டியது. ஆனால் 1 ஆகவில்லை. ஏனென்றால் பெரிய வீட்டில் அறைகளும் அதிகம். இரண்டு நிரல்களின் ஒட்டுறவுக் கெழு 0.949. வகுத்தல் மூலைவிட்டத்தைத்தான் சரிசெய்யும், பக்கத்தில் நிற்கும் அந்த 0.949-ஐத் தொடாது. ஐகன் மதிப்புகள் 1 + 0.949, 1 − 0.949. இரண்டே மாறிகள் இருக்கும்போது (κ − 1)/(κ + 1) என்பது நேராக ஒட்டுறவுக் கெழுவின் அளவுக்கே சமமாகிறது. அதாவது ஒவ்வொரு படியிலும் பிழை 0.949 மடங்காகிறது. இப்போது 132 படிகள். ஒட்டுறவு 0.999 ஆக இருந்தால், எவ்வளவு கச்சிதமாக அலகு மாற்றினாலும் 6900 படிகளுக்குக் குறையாது. அப்போது சரிசெய்ய வேண்டியது அலகை அல்ல, நிரல்களை: பரப்பையும் அறை எண்ணிக்கையையும் தருவதற்குப் பதிலாகப் பரப்பையும் ஒரு அறைக்கான பரப்பையும் தரலாமா என்று பார்க்க வேண்டும். மாற்றியபின் κ-வை மறுபடி அளந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

அலகைச் சரிசெய்யாமல் மொமெண்டத்தை நம்பி இருப்பது

ஒவ்வொரு படியிலும் முந்தைய நகர்வின் β மடங்கையும் சேர்த்துக்கொள்வதுதான் போல்யாக் 1964-இல் தந்த மொமெண்டம் முறை. சரியான எண்களைக் கொடுத்தால், அது வேகத்தில் κ இருந்த இடத்தில் √κ-வை வைக்கிறது. அந்த எண்கள் முக்கியம்: α = 4/(√L + √μ)², β = ((√κ − 1)/(√κ + 1))². பழைய 2/(μ + L)-ஐ அப்படியே வைத்து β-வை 0.9 என்று ஒட்டவைத்தால் இந்த உத்தரவாதம் கிடையாது. வீட்டு விலைக் கணக்கில் மூல அலகுகளோடு இதை ஓட்டினால் 1.38 கோடி படிகள் ஏழாயிரம் முதல் பத்தாயிரமாகக் குறையும். நிரல்களை முதலில் வகுத்து, κ = 38 ஆனபின் α = 1.52, β = 0.52 என்று ஓட்டினால் ஏறக்குறைய 30 படிகளில் முடியும்.