பதில் வராத வேண்டுகோள் மடலைச் சரிசெய்த விதம்

எங்கள் ஏரி பராமரிப்புக் குழுவில் "தன்னார்வலர்கள் தேவை, நன்கொடையும் வரவேற்கப்படுகிறது" என்று மின்னஞ்சல் போகும், பதில் வராது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால், வர முடியாதவர் "பணம் அனுப்பிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவார், பிறகு மறந்துவிடுவார். எனவே தனித்தனி மடல்களாகப் பிரித்தோம்.

ஆள் கேட்கும் மடல் இப்படி மாறியது: "ஞாயிறு காலை 6 முதல் 8 வரை, கரையில் குப்பை பொறுக்க 10 பேர் வேண்டும். கையுறையும் சாக்கும் தருகிறோம். வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் 'வருகிறேன்' என்று மட்டும் பதில் போடுங்கள்." நாள், நேரம், எத்தனை பேர் என்பதெல்லாம் தலைப்பு வரியிலேயே இருக்கும். "அன்பான வேண்டுகோள்" என்ற தலைப்பை யார் திறக்கிறார்கள்?

பணம் கேட்கும் மடலில், எந்தச் செலவுக்கு எவ்வளவு தேவை, இதுவரை எவ்வளவு சேர்ந்தது என்று சொல்லுங்கள். யுபிஐயில் அனுப்புவோர் குறிப்புப் பகுதியில் பெயரும் வீட்டு எண்ணும் எழுதட்டும். இல்லாவிட்டால் ரசீது போட முடியாமல் பொருளாளர் திண்டாடுவார். குழுவுக்கு 80ஜி அனுமதி இருந்தால் மட்டும் வரிச்சலுகையைக் குறிப்பிடுங்கள். அப்போதும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்த நன்கொடைக்கு அது கிடையாது.