ஓய்வு நாள் இரவில் தொடங்கும் திங்கட்கிழமை: நீச்சல் வீரர்கள் மாவுச்சத்தில் செய்யும் தவறுகள்

60 கிலோ எடையுள்ள ஒரு நீச்சல் வீராங்கனையை எடுத்துக்கொள்வோம். திங்கள், புதன், வெள்ளியில் காலை 6 முதல் 8 வரையும் மாலை 3.30 முதல் 5.30 வரையும் இரண்டு வேளைப் பயிற்சி. செவ்வாய், வியாழன், சனியில் ஒரே வேளை. ஞாயிறு ஓய்வு. இப்படிப்பட்ட வாரங்கள் தொடர்ந்து வரும்போது பலர் எல்லா நாளும் ஒரே அளவு சாப்பிடுகிறார்கள். அதுதான் முதல் தவறு.

ஓய்வு நாளில் ஒரு கிலோ எடைக்கு சுமார் 4 கிராம் மாவுச்சத்து போதும். ஒரு வேளைப் பயிற்சி நாளில் 6 கிராமும், இரு வேளை நாளில் 8 கிராமும் தேவைப்படலாம். அவருக்கு அது 240, 360, 480 கிராம். அதாவது திங்கட்கிழமையின் தேவை ஞாயிற்றுக்கிழமையைப் போல இரு மடங்கு. பசியை நம்பி இந்த வித்தியாசத்தை எட்டிவிட முடியாது. கடுமையான பயிற்சி முடிந்தவுடன் பலருக்குப் பசியே எடுக்காது. பசி வரும்போது நேரம் போயிருக்கும்.

இதைவிட நுட்பமான தவறு ஒன்று உண்டு. ஒரு நாளின் தேவையைக் காலையிலிருந்து மறுநாள் காலை வரை என்று கணக்கிடுவது. திங்கள் காலை 6 மணிக்குக் குளத்தில் இறங்குபவரின் தசைகளில் இருக்கும் கிளைகோஜன், அதாவது மாவுச்சத்தின் சேமிப்பு, ஞாயிறு சாப்பாட்டிலிருந்து சேர்ந்தது. காலியான தசை மறுபடி நிறைய ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். "இன்றைக்குத்தான் பயிற்சி இல்லையே" என்று ஞாயிறு இரவுச் சாப்பாட்டைக் குறைத்தால், அதன் விலையைத் திங்களன்று கொடுக்க நேரிடும். ஞாயிறு பகலில் அளவாகச் சாப்பிட்டு, இரவு உணவில் மட்டும் 100 முதல் 120 கிராம் மாவுச்சத்து வைப்பது நல்லது; அதற்காக மொத்தம் 280 கிராமைத் தொட்டாலும் பாதகமில்லை. தூங்கும்போது ஈரலின் சேமிப்பும் குறைவதால், காலையில் இறங்குவதற்கு முன் ஒரு வாழைப்பழமாவது உள்ளே போக வேண்டும். அது சுமார் 25 கிராம்.

அடுத்தது, இரண்டு பயிற்சிகளுக்கு இடையே உள்ள ஏழரை மணி நேரத்தை வீணாக்குவது. இடைவெளி எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால், முதல் நான்கு மணி நேரத்தில் மணிக்கு, கிலோவுக்கு 1 கிராம் வீதம் எடுத்துக்கொள்வதே நடைமுறை அளவு. இவருக்கு 8 மணியிலிருந்து நண்பகல் வரை 240 கிராம். காலையில் புரதப் பானம் மட்டும் குடித்துவிட்டு மதியம் ஒரு மணிக்கு முழுச் சாப்பாடு சாப்பிடுபவர், மாலைப் பயிற்சிக்குக் காலிக் கிடங்கோடு போகிறார். முழு நாளையும் இப்படிப் பிரிக்கலாம்: முன்னால் 25, காலைப் பயிற்சியின்போது பானத்தில் 40, நண்பகலுக்குள் 240, மாலைக்கு முன் 40, மாலைப் பயிற்சியின்போது 40, இரவில் 95. மொத்தம் 480. நண்பகலுக்குள் எடுப்பதை ஒரே வேளையாக அடைக்காமல் மூன்றாகப் பிரித்தால் வயிறு தாங்கும். இரு வேளை நாளில் அதிக நார்ச்சத்தும் கொழுப்பும் உள்ள உணவைச் சற்றுத் தள்ளி வைப்பதும் அதற்காகத்தான்.

நீண்ட தூரம் ஓட்டும் சைக்கிள் வீரர்களிடம் இதே பிழை வேறு உருவில் வரும்: நான்கு மணி நேர ஓட்டத்தில் களைப்பு தெரிந்த பிறகே சாப்பிடத் தொடங்குவது. முதல் அரை மணி நேரத்திலேயே ஆரம்பித்து, 20 நிமிடத்துக்கு 20 கிராம் என்று மணிக்கு 60 கிராம் எடுக்க வேண்டும். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் அந்த அளவுக்கு மேல் அதிகம் உறிஞ்சாது. மணிக்கு 90 வரை போக வேண்டுமானால் ஃபிரக்டோஸும் கலந்திருக்க வேண்டும். அது குடலில் வேறு வழியாக உள்ளே போகும். இந்த அளவைப் போட்டி நாளில் முதன்முறையாக முயன்றால் வயிறு கலங்கும். பயிற்சியிலேயே சில வாரங்கள் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்க வேண்டும்.

எடைத் தராசை வைத்து முடிவெடுப்பதும் ஆபத்து. ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறத்தாழ மூன்று கிராம் நீர் சேர்ந்திருக்கும். சேமிப்பில் 300 கிராம் குறைந்தால் எடை ஒரு கிலோவுக்கு மேல் இறங்கும். கொழுப்பு கரைந்துவிட்டது என்று மகிழ்ந்து இன்னும் குறைத்தால், அடுத்த கடினப் பயிற்சியில் வெறும் தொட்டிதான் மிஞ்சும்.

குறைபாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? 100 மீட்டர் சுற்றுகளில் முதல் சில நேரங்கள் சரியாக இருந்து, கடைசிச் சுற்றுகளில் முயற்சி கூடியும் நேரம் நீள்கிறதா, நாடித்துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏற மறுக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நாள் மாவுச்சத்தை உயர்த்தியதும் சரியானால் காரணம் பெரும்பாலும் எரிபொருள்தான். சரியாகவில்லையென்றால் பயிற்சிச் சுமை, தூக்கம், நோய் என்று வேறு பக்கம் தேட வேண்டும். மாதவிடாய் நின்றுபோதல், அடிக்கடி காயம் ஆகியவை தெரிந்தால் தட்டில் மட்டும் திருத்தம் செய்துகொண்டிருக்காமல் விளையாட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.