குமுலேட்டிவ் எஃப்டி வட்டியை வருஷா வருஷம் காட்டுங்க

60 வயசு தாண்டினவங்க பேங்க்ல 5 வருஷ குமுலேட்டிவ் எஃப்டி போட்டா, வட்டி கைக்கு வரலைனாலும் அந்தந்த வருஷம் சேர்ந்த வட்டியை அந்த வருஷ ரிட்டர்ன்லயே காட்டிடுங்க, முதிர்வு வரைக்கும் வெச்சிருக்காதீங்க.

காரணம், பழைய வரி முறையில 80டிடிபின்னு சொல்ற 50,000 ரூபா வட்டிக் கழிவு வருஷத்துக்கு ஒரு தடவைதான், இந்த வருஷம் விட்டா அடுத்த வருஷம் சேர்த்து எடுக்க முடியாது. 10 லட்சம், 7%, ஏப்ரல்ல போட்டதுன்னு வெச்சுக்குங்க, 5 வருஷத்துல வட்டி சுமார் 4.15 லட்சம் வரும். கடைசில மொத்தமா காட்டினா கழியறது 50,000 மட்டும், வருஷா வருஷம் காட்டினா 2.5 லட்சம் கழியும், வேற வட்டி இல்லாம மாசம் 50,000 பென்ஷன்ல 20% ஸ்லாப்ல இருக்கறவருக்கு இதுலயே செஸ்ஸோட 41,600 ரூபா மிச்சம். அதோட பேங்க் வருஷா வருஷம் சேர்ற வட்டியைத்தான் வரித்துறைக்கு சொல்லுது, அதனால கணக்கு ஒத்துப்போகும், நோட்டீஸ் பயமும் குறையும். தொகையை பேங்க்ல வட்டி சர்டிஃபிகேட் கேட்டு வாங்கிக்கலாம், முதிர்வு வருஷத்துல முன்னாடி காட்டினதை மறக்காம கழிச்சிடுங்க.

புது வரி முறையில இந்த 50,000 கழிவு கிடையாது. கம்பெனி டெபாசிட்டுக்கும் கிடையாது, பேங்க், கூட்டுறவு பேங்க், போஸ்ட் ஆபீஸ் வட்டிக்கு மட்டும்தான்.